கறுப்புப் பைகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பை

புதிய பாடசாலை ஆண்டு நெருங்கும் வாரங்களில் புறக்கோட்டைக் கடைத்தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். கடைவாசல்களில் நூற்றுக்கணக்கான புத்தகப்பைகள் தொங்கும். ஆனால் உற்றுப் பார்த்தால் அவை ஆறேழு வகைகளுக்கு மேல் இரா. இறக்குமதி செய்பவர் ஒரே மாதிரியில் பெருந்தொகையாக இறக்குகிறார். அதே பை வெள்ளவத்தையிலும் விற்கிறது, வவுனியாவிலும் விற்கிறது, மட்டக்களப்பிலும் விற்கிறது. தண்ணீர்ப் போத்தலுக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இதே கதைதான். ஆகவே முதலாம் தரத்து வகுப்பறை ஒன்றில் முப்பத்தைந்து பிள்ளைகள் இருந்தால், அங்கே முப்பத்தைந்து விதமான பைகள் இருப்பதில்லை. நான்கோ ஐந்தோ விதங்கள்தாம் இருக்கும்.

இதனை நன்கறிந்த பெற்றோர் பிள்ளைக்குப் பொருள் வாங்கும்போது, 'எங்கிருந்து பார்த்தாலும் தெரியக்கூடிய நிறமாகப் பார்த்து வாங்குவோம்' என்று யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். எனினும் அதிலே இரண்டு கேள்விகள் விடுபட்டுப் போகின்றன. எவற்றின் நடுவே அது தெரிய வேண்டும் என்பது ஒன்று. யாருடைய கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது மற்றையது. இவ்விரண்டாவது கேள்விதான் எங்கள் குடும்பத்தில் சென்ற ஆண்டு பெரிய விடயமாகிப் போனது. அதனைச் சொல்வதற்கு முன்னர் முதலாவதைப் பார்த்துவிடுவோம்.

ஒரு நிறம் 'பளிச்சென்று' இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, அந்தப் பளிச்சிடுதல் அந்தப் பொருளிலேயே இருப்பதாக எண்ணிக் கொள்கிறோம். உண்மையில் அது அயலில் இருப்பவற்றைப் பொறுத்தது. இளஞ்சிவப்புப் பை கடையில் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும், பெண்பிள்ளைகள் பதினைந்து பேர் அதே இளஞ்சிவப்பைக் கொண்டுவரும் வகுப்பில் அது காணாமற் போய்விடும். அங்கே மண்ணிறத்தில் ஒரு பழைய பையைக் கொண்டுவரும் பிள்ளை தன் பையை நொடியிற் கண்டுபிடிக்கும்.

மனிதர் எப்படித் தேடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆன் ட்ரீஸ்மன் என்பவரும் அவருடன் பணியாற்றிய கேரி ஜெலாட் என்பவரும் 1980 இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இத்துறையில் மிகவும் பேசப்படுவது. அதன் சாரம் எளிதானது. தேடும் பொருள் ஏதேனும் ஒரே ஓர் அம்சத்தால் மற்றெல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டால், கூட்டத்தில் எத்தனை பொருட்கள் இருந்தாலும் அது தானாகவே கண்ணில் வந்து விழுகிறது. நீலங்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் என்றால், நீலம் ஐந்தாக இருந்தாலும் ஐம்பதாக இருந்தாலும் தேடும் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை. ஆனால் இரண்டு அம்சங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும் என்றால் நிலைமை மாறிவிடும். சிவப்பு வார் வைத்த நீலப் பைகளும் மஞ்சள் வார் வைத்த கறுப்புப் பைகளும் கலந்து கிடக்கும்போது, மஞ்சள் வார் வைத்த நீலப் பையைத் தேட வேண்டுமாயின், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். பைகளின் எண்ணிக்கை கூடக் கூட நேரமும் கூடும்.

கார்ட்டூன் படம் போட்ட பைகள் பிள்ளைகளுக்குப் பிடித்தவையாக இருந்தும் கூட்டத்தில் உதவாமற் போவதற்கு இதுவே காரணம். படம் சிறிய நிறத்துண்டுகளின் கலவை. பத்தடி தூரத்தில் அது ஒரு கலங்கலாகத்தான் தெரியும். அதற்கு மேலாக, படம் பையின் முன்பக்கத்திலே இருக்கிறது. வகுப்பிலோ பை கதிரையின் முதுகில் தொங்குகிறது, அல்லது இறாக்கையில் முகம் உள்ளே போகும்படி செருகப்படுகிறது. பிள்ளைக்குத் தெரிவது பையின் மேற்பகுதியும் கைபிடியும் மட்டுமே. சாப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டால் மூடியின் மேல் என்ன படம் இருந்தும் பயனில்லை; தெரிவது பெட்டியின் பக்கவாட்டு விளிம்புதான். போத்தல்களைக் கூடையில் நிறுத்தி வைத்தால் மூடிகள் மட்டும் தெரியும், மேசையில் வரிசையாக வைத்தால் உடல் தெரியும். ஆகவே நிறத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், பொருள் வகுப்பில் எந்த நிலையில் இருக்கும் என்பதை ஒருமுறை போய்ப் பார்த்து வருவது நல்லது. பிள்ளையை அழைக்கப் போகும்போது வாசலில் நின்று இரண்டு நிமிடம் எட்டிப் பார்த்தாலே போதும்.

இனி அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

என் மகளின் மூத்த மகன் சென்ற ஆண்டு கொழும்பிலுள்ள ஒரு பாடசாலையில் முதலாம் தரத்திற் சேர்ந்தான். மகள் தன் கணவருடன் கடைக்குப் போய்ப் பொருட்களை வாங்கி வந்தாள். பை கடுஞ்சிவப்பு, தண்ணீர்ப் போத்தல் ஊதா, சாப்பாட்டுப் பெட்டி வெளிர்பச்சை. அவள் நன்றாக யோசித்துத்தான் வாங்கியிருந்தாள். ஆண்பிள்ளைகள் அனைவரும் கறுப்பும் கடுநீலமும் கொண்டுவருவார்கள், சிவப்புக் கொண்டுவருபவர் அரிது என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்குச் சரியாகவே இருந்தது. வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். கறுப்பும் கடுநீலமுமாக முப்பது பைகளுக்கு மேல். சிவப்பு ஒன்றே ஒன்று.

இரண்டாவது வாரத்திலிருந்து பேரன் போத்தலில் தண்ணீர் குறையாமல் வீட்டுக்கு வரத் தொடங்கினான். சில நாட்களில் சாப்பாட்டுப் பெட்டியும் திறக்கப்படாமல் வந்தது. கேட்டால், "பசிக்கேல்லை" என்பான். கொழும்பு வெயிலில் ஆறு வயதுப் பிள்ளை காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. தலையிடி என்று படுத்துவிடுவான். மூன்றாவது வாரத்தில் வேறொரு பிள்ளையின் கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டான். அந்தப் பிள்ளை அழுது, தாய்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய நிலை. மகள் ஆசிரியையிடம் பேசப் போனபோது அவர் அன்பாகவே சொன்னாராம்: "பிள்ளை நல்ல கெட்டிக்காரன். கவனந்தான் காணாது. எல்லாத்திலயும் வித்தியாசமா நிக்கிற சிவப்புப் பையையே எடுக்கத் தெரியாம நிக்கிறான்."

மகள் இதனை என்னிடம் வந்து சொன்னபோது, எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. பையைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்து எதிரே வைத்தாள். எனக்கு அது கறுப்பாகத்தான் தெரிந்தது. கறுப்பிலும் சற்றே மண்ணிறம் கலந்த ஒரு கறுப்பு.

என் கண்கள் சிவப்பை அறியாதவை. மருத்துவத்தில் இதற்கு புரோட்டனோப்பியா என்று பெயர். விழித்திரையில் நிறங்களை உணரும் கூம்புக் கலங்கள் மூன்று வகை. நீண்ட அலைநீள ஒளிக்கு, அதாவது சிவப்பு முனைக்கு, அதிகம் இணங்கும் வகை என்னிடம் இல்லை. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த ஆரம்பத்தில் இதனால் வந்த சங்கடங்கள் பல. பிரதியாசிரியர் என் செய்தியில் சிவப்பு மையால் செய்த திருத்தங்கள் எனக்குக் கறுப்பு எழுத்துக்களோடு கலந்துபோகும். அவருடைய கையெழுத்தின் சாய்வை வைத்தே இது திருத்தம், இது மூலம் என்று பிரித்தறிவேன். நிறப்படங்கள் முதற்பக்கத்துக்கு வரத் தொடங்கிய பின்னர், யுத்த காலத்தில் வந்த சில படங்களைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, தார் வீதியில் அவர் கண்டது என்னவென்று எனக்குத் தெரியாமல் இருந்ததுண்டு.

இக்குறைபாடு பரம்பரையால் வருவது. அது குடியேறும் வழி விசித்திரமானது. அதற்குரிய மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தந்தையிடம் ஒரேயொரு எக்ஸ் மட்டுமே உண்டு. அதை அவர் மகனுக்குக் கொடுப்பதில்லை, மகளுக்கே கொடுக்கிறார். மகளிடம் தாயிடமிருந்து வந்த இன்னொரு நல்ல எக்ஸ் இருப்பதால் அவளுடைய பார்வையில் பொதுவாக எந்தக் குறையும் இராது. ஆனால் அவள் அதனைச் சுமந்து செல்கிறாள். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது சேர்வதற்குச் சரிபாதி வாய்ப்பு. அம்மப்பாவிடமிருந்து பேரனுக்கு, நடுவில் நிற்பவளுக்குத் தெரியாமலே போய்ச் சேரும் சொத்து இது. சிவப்பு, பச்சை சார்ந்த பார்வைக் குறைபாடுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் வரை இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பெண்களில் இருநூறில் ஒருவர் அளவில்தான். அப்படியானால் முப்பத்தாறு ஆண்பிள்ளைகள் உள்ள வகுப்பொன்றில் இரண்டு பேராவது இருக்கலாம். அவர்களுடைய பெற்றோர் பலருக்கும் ஆசிரியருக்கும் அது தெரியாது. பிள்ளைக்கே தெரியாது. தான் காண்பதைத்தான் எல்லோரும் காண்கிறார்கள் என்றே அது நம்பியிருக்கும்.

அணுக்கொள்கையால் அறியப்பட்ட விஞ்ஞானி ஜோன் டால்டனுக்கே இது தாமதமாகத்தான் தெரியவந்தது. 1794 இல் மான்செஸ்டரில் தன் பார்வையைப் பற்றி அவர் ஓர் உரை வாசித்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. உடன்பிறந்தவருக்கும் அதே பார்வை இருந்ததை அவர் கண்டுபிடித்திருந்தார். இத்தனைக்கும் அவர் தாவரங்களைச் சேகரித்துப் பெயரிடும் பழக்கம் உள்ளவர்.

மகள் வாங்கிய மூன்று பொருட்களையும் இப்போது அந்தக் கண்ணால் பாருங்கள். கடுஞ்சிவப்புப் பை: சிவப்பை உணரும் கலம் இல்லாதவருக்குச் சிவப்பு நிறம் மாறித் தெரிவதோடு வெளிச்சமும் இழந்துவிடுகிறது, கறுப்புப் பைகளோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஊதாப் போத்தல்: ஊதா என்பது நீலமும் சிவப்பும் கலந்தது. சிவப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நீலம். வகுப்பு மேசையில் நின்றவையோ பெரும்பாலும் நீலப் போத்தல்கள். வெளிர்பச்சைப் பெட்டி: மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் வெளிர்பச்சைக்கும் இடையிலே எங்களுக்குப் பெரிய வேறுபாடில்லை. அங்கே அடுக்கியிருந்த பெட்டிகளிற் பாதி மஞ்சள். வேறெந்தப் பிள்ளைக்கும் மிக இலகுவாக அமைந்திருக்கக் கூடிய மூன்று தெரிவுகள், அவனுக்கு மட்டும் மூன்று புதிர்களாகிவிட்டன. அவன் தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்குக் காரணம் பசியின்மையோ கவனயீனமோ அல்ல. வேறு பிள்ளையின் போத்தலை எடுத்துப் பேச்சு வாங்குவதைவிடத் தாகத்தோடு இருப்பது மேல் என்று அவன் முடிவு செய்திருந்தான். இதனை அவன் வாயாற் சொல்ல இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917 இல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் கொண்டே இன்றும் இதனைச் சோதிக்கிறார்கள். பல நிறப் புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் மறைந்திருக்கும். எண்களை வாசிக்க அறியாத சிறுவர்களுக்காக விரலால் தடம்பிடிக்கும் வளைகோட்டுப் படங்களும் அதிலே உண்டு. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதற்கு மருந்தில்லை. விளம்பரங்களில் வரும் நிறக் கண்ணாடிகள் சில நிறங்களுக்கிடையிலான வேறுபாட்டைக் கூட்டிக் காட்டலாம், இல்லாத கலத்தைத் தர மாட்டா. ஆகவே மிஞ்சியது, பொருட்களை மாற்றும் வேலைதான்.

இங்கேதான் எங்கள் தொழிலின் பழைய அறிவொன்று கைகொடுத்தது. பத்திரிகை கறுப்பு வெள்ளையில் வந்த காலத்தில் படப் பகுதியினருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: நேரில் எவ்வளவு வேறுபட்டு நிற்கும் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் அச்சில் ஒரே சாம்பலாக வந்து நிற்கலாம். நிற வேறுபாடு போனாலும் போகாமல் நிற்பது வெளிச்ச வேறுபாடு மட்டுமே. அதனால் நான் மகளிடம் கைத்தொலைபேசியால் வகுப்பின் பை வரிசையையும் போத்தல் மேசையையும் பெட்டி அடுக்கையும் படம் பிடித்துவரச் சொன்னேன். ஆசிரியையிடம் விடயத்தைச் சொல்லி அனுமதி பெற்றுத்தான் பிடித்தாள். அந்தப் படங்களைத் தொலைபேசியிலேயே கறுப்பு வெள்ளைக்கு மாற்றினாள். மாற்றியதும் அவளே, "ஐயோ, பை எங்கயப்பா?" என்று கேட்டாள். ஊதாப் போத்தலும் நீலங்களுக்குள் கரைந்திருந்தது.

இச்சோதனை எவருக்கும் பயன்படும். கறுப்பு வெள்ளைப் படத்திலும் ஒரு பொருள் தனித்துத் தெரிந்தால், நிறம் அறிந்த கண்ணுக்கும் அறியாத கண்ணுக்கும் அது தெரியும். மங்கிய வெளிச்சமுள்ள வகுப்பறையிலும் தெரியும். ஒரேயொரு எச்சரிக்கை: தொலைபேசி சிவப்புக்குக் கொடுக்கும் சாம்பல், சாதாரணக் கண்ணின் கணக்கில் அமைந்தது. என்னைப் போன்ற கண்ணுக்குச் சிவப்பு அதனிலும் இருண்டு தெரியும். எனவே படத்தில் சற்றே வேறுபட்டுத் தெரிகிறது என்பதற்காகக் கறுப்புக்கும் கடுநீலத்துக்கும் நடுவே சிவப்பை நம்பக் கூடாது.

எங்களிடம் எஞ்சியிருந்த நம்பிக்கையான இணை மஞ்சளும் நீலமும். சிவப்பு, பச்சை குழம்பும் கண்களுக்கு இவ்விரண்டும் குழம்புவதில்லை. அத்துடன் மஞ்சள் வெளிச்சமானது, கடுநீலம் இருண்டது. வெளிச்ச வேறுபாடும் சேர்ந்துவிடுகிறது. மகள் முதலில் எல்லாவற்றையும் மஞ்சளில் வாங்கிவிடலாம் என்றாள். மூன்றும் ஒரே நிறமாக இருந்தால் பிள்ளைக்கு நினைவு வைத்திருப்பது இலகு என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் அயலார் வேறு. கறுப்பு, கடுநீலப் பைகளுக்கு நடுவே மஞ்சள் சிறப்பு. நீலப் போத்தல்களுக்கு நடுவேயும் சிறப்பு. ஏற்கெனவே மஞ்சளாகக் கிடக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு நடுவே அது இன்னொரு வெளிர்பச்சைப் பெட்டியாகவே போய்விடும்.

இறுதியில் புதிய பை வாங்கவில்லை. நல்ல பையை எறிவானேன்? அகலமான துணிப்பட்டி ஒன்றை எடுத்து, பாதி மஞ்சள், பாதி கடுநீலமாக, நான்கு விரல் அகலத்துக்குக் கைபிடியைச் சுற்றித் தைத்தோம். தைத்தோம் என்பது முக்கியம்; கட்டிவிட்டால் இரண்டாம் நாளே பிள்ளைகள் அவிழ்த்து விளையாடுவார்கள். பையின் தோள்பட்டைப் பகுதியிலும் அதே பட்டி. போத்தலையும் பெட்டியையும் மாற்றினோம்: போத்தல் மஞ்சள், பெட்டி கடுநீலம். இரண்டிலும் அதே இருநிற அடையாளத்தை நாடாவால் சுற்றினோம். இருநிறம் வைத்ததன் காரணம் இதுதான்: இருண்டவற்றின் நடுவே மஞ்சட் பாதி தெரியும், மஞ்சள்களின் நடுவே நீலப் பாதி தெரியும். அயல் எப்படி மாறினாலும் ஒரு பாதி கைவிடாது. பட்டைகள் அகலமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். மெல்லிய கோடுகளாகப் போட்டால் தூரத்தில் இரண்டும் கலந்து ஒரு சாம்பலாகிவிடும்.

பெயரைப் பெரிதாக எழுதினால் என்ன என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. பெயர் வேண்டியதுதான், ஆனால் உட்புறத்தில். வெளியே பெரிதாகப் பெயர் எழுதிய பையைச் சுமந்து பிள்ளை வீதியில் நடந்தால், முன்பின் தெரியாத எவரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அதற்கு மேலாக, முதலாம் தரத்துப் பிள்ளை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கும். முப்பத்தாறு பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிக்கொண்டு போனால் இடைவேளை முடிந்துவிடும். எங்கள் ஊர்களில் உடுப்பு வெளுப்பவர்கள் ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான வெள்ளைத் துணிகளை எந்தப் பெயரும் எழுதாமல், சேங்கொட்டைச் சாற்றால் இட்ட ஒரு சிறு குறியை வைத்துத்தான் வீடு வீடாகப் பிரித்தார்கள். குறி போதும். அது எங்கே இருக்கும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

நடைமுறையில் வந்த தொல்லைகளையும் சொல்ல வேண்டும். போத்தலின் உடலில் மட்டும் நாடா சுற்றியபோது, ஒருநாள் வேறொரு போத்தலின் நீல மூடியோடு வீட்டுக்கு வந்தான். கழுவும் இடத்தில் மூடிகள் மாறிவிடுகின்றன. அதன் பின்னர் மூடியிலும் தனியாக அடையாளம் வைத்தோம். சாதாரண ஒட்டுப்படங்கள் தினமும் கழுவுவதால் இரண்டு வாரத்தில் உரிந்துவிடுகின்றன. மின்வேலைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் நாடா அதைவிட நெடுநாள் நிற்கிறது, ஓரம் எழும்பத் தொடங்கியதும் மாற்ற வேண்டும். துணிப்பட்டியின் மஞ்சள் அழுக்கேறி, ஒரு தவணை முடிவதற்குள் மண்ணிறமாகிவிட்டது. அழுக்கு மஞ்சள் கறுப்புப் பையில் தூரத்திலிருந்து தெரியாது என்பதை அவனே வந்து சொன்னான். புதிதாக இன்னொன்று தைத்தோம்.

பொருட்களை மாற்றியதோடு விட்டுவிடாமல் ஒரு சிறு ஒத்திகையும் பார்த்தோம். வீட்டில் கிடந்த பழைய பைகள், அயல்வீட்டுப் பிள்ளைகளின் பைகள் என்று பதினொரு பைகளைச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். பேரனை ஐந்து பாகம் தள்ளி முதுகு காட்டி நிற்கச் சொல்லி, அவனுடைய பையை எங்காவது செருகிவிட்டுத் திரும்பச் சொன்னேன். பட்டி இல்லாதபோது அவன் வரிசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தான். பட்டி கட்டியபின் திரும்பிய வேகத்திலேயே கையை நீட்டினான். கண்டுபிடித்தானா என்பதைவிட எப்படிக் கண்டுபிடித்தான் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை ஒவ்வொன்றாகத் தேடினால் அந்த அடையாளம் போதாது. வீட்டில் பதினொரு பைகளுக்கிடையே சமாளித்துவிடும், வகுப்பில் முப்பத்தாறுக்கிடையே சமாளிக்காது.

பார்வைக் குறைபாட்டை வீட்டிலேயே ஐயுறுவதற்குச் சில அறிகுறிகள் உண்டு. நிறப்பென்சிலைத் தீட்டுவதற்கு முன் அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்தையோ இலக்கத்தையோ பார்க்கும் பிள்ளை, மரத்தண்டைப் பச்சையாகவும் இலையை மண்ணிறமாகவும் தீட்டும் பிள்ளை, செவ்வரத்தை மரத்தில் பூ இருக்கிறது என்று சொன்னால் கிட்டப் போய்த் தேடும் பிள்ளை. ஆனால் 'புல் என்ன நிறம்?' என்று கேட்டுச் சோதிப்பதில் பயனில்லை. புல் பச்சை, இரத்தம் சிவப்பு என்று எந்தப் பிள்ளையும் மனனம் செய்து வைத்திருக்கும். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். தாயின் தந்தைக்கோ தாயின் சகோதரருக்கோ இக்குறை இருப்பது தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் பாடசாலையிற் சேர்ப்பதற்கு முன்னரே காட்டிவிடலாம்.

ஆசிரியை பின்னர் மிகவும் ஒத்துழைத்தார். கரும்பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதுவதை அவரே விட்டுவிட்டார். பேரனின் போத்தலுக்கு மேசையின் ஓரத்தில் ஒரு நிலையான இடமும் கொடுத்தார். நிலையான இடம் எந்த நிறத்தையும்விட உறுதியானதுதான், ஆனால் விளையாட்டுப் போட்டிக் காலத்திலும் சுற்றுலா நாட்களிலும் அந்த இடம் இல்லாமற் போய்விடுகிறது. அப்போது பட்டிதான் துணை.

இவ்வாண்டு அவன் இரண்டாம் தரத்துக்குப் போய்விட்டான். முதல் வாரத்திலேயே மகள் படம் பிடித்து அனுப்பினாள். புதிய வகுப்பில் மஞ்சட் போத்தல்கள் நான்கு. அத்துடன், சென்ற ஆண்டு எங்கள் பட்டியைக் கண்டு விரும்பிய ஒரு தாய், அதே மஞ்சளும் நீலமுமாகத் தன் மகனின் கைபிடிக்கும் தைத்து அனுப்பியிருக்கிறார். பேரனிடம் தொலைபேசியில் கேட்டேன், இனி என்ன செய்வது என்று. "போத்தலுக்கு வெள்ளை வாங்குவம் அம்மப்பா. பட்டியில ஒரு முடிச்சுப் போட்டு விடுங்கோ. அவன்ர பட்டியில முடிச்சில்லை" என்றான்.

முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.